சன்னாசி கறியைத் தொடவில்லை

பதினாறாங்கட்டைத் தோட்டத்தில் சன்னாசி சாப்பாட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டான் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். பெயர்தான் சன்னாசி. வயிறு பெரிய சம்சாரி. கல்யாணப் பந்தியில் அவன் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் அவன் இலைக்கென்று தனியாக ஓர் ஆளை ஒதுக்குவார்கள். தோட்டத்து வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முகம்மது கௌஸ், அவன் வரக் கண்டாலே இன்னொரு பிடி மாவை எடுத்துப் பிசைய ஆரம்பிப்பான்.

அவன் பெண்டாட்டி இருளாயிக்கு இதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. விடிவதற்கு முன்பே எழுந்து உலை வைக்கிறவள் அவள்தானே. "இந்த வயித்தக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு யானையக் கட்டிக்கிட்டிருக்கலாம், தும்பிக்கையால தண்ணியாவது எடுத்து ஊத்தும்" என்று லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் பெண்களிடம் சொல்லுவாள். சொல்லிவிட்டுச் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கருவாட்டுக் குழம்பை வழித்து அவனுக்கே எடுத்து வைப்பாள். அவளுடைய அன்பு அந்த மாதிரி.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திருட்டுத்தனமும் செய்து வந்தார்கள். சன்னாசிக்கு ரப்பர் மரத்தின் பட்டையில் பால் வெட்டப் போக உடம்பு வணங்காத காலையில், பெரட்டில், அதாவது ஆள் எண்ணி வேலைக்குப் பிரித்துவிடும் அந்த மைதானத்தில், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்துவான். இருளாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் நிற்பாள். "ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல சாமி" என்பது அவளுடைய பாடம். ஒரு சொல் பிசகாது. வீட்டிலே பழைய சோற்றுப் பானை கழுவித் துடைத்த மாதிரி இருக்கும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் நவமணி முதல் இரண்டு தடவை நம்பினார். மூன்றாம் தடவை சன்னாசியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுக்க வைத்தார். படுத்தவன் அங்கிருந்த மற்ற நோயாளிகளின் கஞ்சியையும் சேர்த்துக் குடித்துவிட்டு, ஊறுகாய் இல்லையா என்று கேட்டிருக்கிறான். டிரெசருக்கு வந்த கோபத்தில், விளக்கெண்ணெய்ப் போத்தல் ஒன்றைப் பெரிய கங்காணி பழனியப்பனிடம் கொடுத்துவிட்டார். "வயித்துவலின்னு வர்றவனுக்கு மொதல்ல பெரட்டுலயே ஒரு கிளாஸ் ஊத்துங்க கங்காணி. அதுக்கப்புறமும் வலிச்சா எங்கிட்ட அனுப்புங்க."

அன்றிலிருந்து தோட்டத்தில் வயிற்றுவலியே இல்லாமல் போய்விட்டது. பழனியப்பன் அந்தப் போத்தலை மடியில் செருகிக்கொண்டுதான் பெரட்டுக்கு வருவார். போத்தலின் மூடி கழன்றதுமே வலி பறந்து போய், ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு ஓடிவிடுவான். சன்னாசியும் அப்படி ஒரு முறை ஓடியிருக்கிறான். ரப்பர் விலை ஏறி, துரை ஒவ்வொரு மரத்திலும் பால் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. கங்காணிக்குப் போத்தலைவிடப் பெரிய துணை கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் முனியாண்டி பூசை வந்தது.

இரண்டு கிடா வெட்டினார்கள். கறிக்கு மிளகு அரைத்தது இருளாயி. மத்தியானம் சன்னாசி கோயிலோரம் உட்கார்ந்து தொப்புளைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டதற்கு, "நடு வயித்துல ஏதோ பெசையிற மாதிரி இருக்கு புள்ள" என்றான். இருளாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறி வேகும் வாசனைக்கு அவன் வயிறு குதிப்பது புதிதில்லையே என்று நினைத்தாள்.

பந்தி போட்டார்கள். அவன் பங்குக் கறியை அவளே அள்ளி இலையில் வைத்தாள், தொடை எலும்போடு. அவன் அதைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேணாம். எடுத்துடு. வாசனையே பிடிக்கல."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. போன வாரம் அவன் தங்கச்சியைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தாள், அதை மனசில் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் வீம்பு பண்ணுகிறான் என்று எண்ணினாள். "தின்னா தின்னு, தின்னாட்டிப் போ" என்று இலையை வெடுக்கென்று மடித்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவன் வாந்தி எடுத்தான். எடுக்க உள்ளே ஒன்றும் இல்லை, மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டு மாரியம்மா வந்து, குடல் ஏறிக் கிடக்கிறது, எண்ணெய் போட்டு உருவிவிட்டால் இறங்கிவிடும் என்றாள். அவள் கையை வயிற்றில் வைத்ததுமே சன்னாசி அந்தக் கையைத் தட்டிவிட்டான். யாரையும் கிட்டே விடவில்லை. அப்படியே சுருண்டு கிடந்தான். விடியற்காலையில் பார்த்தால் அவன் கை தொப்புளில் இல்லை. வலது பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே, அடிவயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தது. வலது காலை மடக்கியே வைத்திருந்தான். நீட்டச் சொன்னால் பல்லைக் கடித்தான். உடம்பு லேசாகக் கொதித்தது.

பெரட்டுக்குப் போகாமல் இருக்கவும் வழியில்லை. வராதவனைக் கங்காணி வீட்டுக்கே வந்து இழுப்பார். இருளாயி அவனைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். ஒரு அடி வைப்பதும், நின்று மூச்சு வாங்குவதுமாக, கூனிக்கொண்டே வந்தான். வாளியும் கத்தியுமாக நின்றிருந்த சனம் அவனைக் கண்டதும் சிரித்தது.

"அட, வந்துட்டாருய்யா நம்ம வயித்துவலிக்காரரு!" என்றான் ஒருவன். "நேத்து ரெண்டு கிடாயில ஒன்னு இவனுக்குள்ளதானே கெடக்கு!"

பழனியப்பன் மடியிலிருந்து போத்தலை எடுத்தார். சிரித்துக்கொண்டேதான் எடுத்தார், கெட்ட மனுஷர் இல்லை அவர். கண்ணாடிக் கிளாஸ் நிறைய ஊற்றினார். வழக்கம்போல அவன் எழுந்து ஓடுவான் என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சன்னாசி ஓடவில்லை. கையை நீட்டினான்.

"குடுங்க கங்காணி. எதைக் குடிச்சாலும் சரி, இது போனாப் போதும்."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "பார்த்தியா, நெசமாவே வலிதான் போலருக்கு. அப்ப இன்னும் நல்லதாப் போச்சு, கழுவிக்கிட்டுப் போயிரும்" என்று பழனியப்பன் கிளாஸை இருளாயியிடம் தந்தார். அவளும் வாங்கினாள். அவளுக்கு வேறென்ன தெரியும்? வயிற்றுக் கோளாறென்றால் எண்ணெய், அவ்வளவுதான் அவளும் கேட்டு வளர்ந்த வைத்தியம். அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கிளாஸை உதட்டருகே கொண்டுபோனாள். எண்ணெயின் வாடை பட்டதும் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டான். "கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிரு ராசா" என்று கெஞ்சினாள்.

அந்த நேரம் பார்த்து டிரெசர் நவமணி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். காலையில் லயத்துக் கால்வாய்களுக்குக் கொசு மருந்து தெளிக்க ஆள் கேட்டு வந்தவர். சன்னாசியைப் பார்த்ததும் அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"என்ன சன்னாசி, மறுபடியுமா? இருளாயி, நீ சொல்லு பாப்போம் உன் பாடத்தை."

இருளாயிக்குப் பழக்கத்தில் அதே வார்த்தை வந்துவிட்டது. "ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல சாமி."

பெரட்டே விழுந்து விழுந்து சிரித்தது. டிரெசரும் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் பொய்க்கு வாடகை விட்ட சொல், இன்றைக்கு உண்மைக்கு உதவ மாட்டேனென்கிறது. தன் வாயையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. கிளாஸைப் பிடித்தபடியே ஓடிப்போய்ச் சைக்கிளை மறித்து நின்றாள்.

"சிரிக்காதீங்க சாமி! அப்ப சொன்னதெல்லாம் பொய்யி. எல்லாமே பொய்யி! பானை நெறையத் தின்னுட்டு வந்துதான் இந்த மனுசன் படுத்துக்கிட்டாரு, நானும் கூட நின்னு அழுதேன். கங்காணி, எம்பேரை வெட்டுறதுன்னா வெட்டிக்கிங்க. ஆனா இது நெசம். நேத்து முனியாண்டி கறியை எலையில வச்சேன். தொடை எலும்போட வச்சேன். தொடலையே! வாசனையே பிடிக்கலன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரே!"

அவ்வளவு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். 

டிரெசரின் சிரிப்பு நின்றுபோனது. "கறியைத் தொடலையா? சன்னாசியா?"

"ஆமாங்கய்யா. வலி வந்த பெறகு வாந்தி வேற."

"வலி மொதல்ல, வாந்தி அப்புறமா? சரியா சொல்லு."

"மொதல்ல வலிதான். மத்தியானமே தொப்புளச் சுத்திப் பெசையிதுன்னாரு. அப்ப நான் காதுல போட்டுக்கல. பொழுது போயித்தான் வாந்தி."

"இப்ப எங்க வலிக்குது?"

"இப்ப அங்க இல்லீங்க. எறங்கிருச்சு. சோத்தாங்கைப் பக்கம், கீழ."

நவமணி சைக்கிளை அப்படியே கீழே போட்டார். அது விழுந்த சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். அவர் வந்து முதலில் இருளாயியின் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி எண்ணெயைப் புல்லில் கொட்டினார். "குடிச்சானா? ஒரு மொடக்காவது?"

"இல்லீங்க. குமட்டிக்கிட்டு வாயத் தொறக்கல."

"அவன் வாய்க்கு ஆயுசு நூறு" என்றார் டிரெசர்.

ஆள் எண்ணும் கொட்டகையின் பெஞ்சில் அவனைப் படுக்க வைத்தார்கள். டிரெசர் நாக்கை நீட்டச் சொன்னார், வெள்ளை படிந்திருந்தது. நாடியைப் பார்த்தார். இருமச் சொன்னார். இருமியதும் சன்னாசியின் கை தானாக அடிவயிற்றின் வலது பக்கம் ஓடியது. பிறகு அவர் வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, இடது பக்கத்தை மெதுவாக அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"ஐயோ, அந்தப் பக்கம்! நீங்க இங்க அமுக்குறீங்க, அங்க வலிக்குது!"

கடைசியில்தான் வலது பக்கம் போனார். தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு கோடு போட்டால், எலும்பை ஒட்டி வருகிற இடத்தில் விரலை வைத்து, மெள்ள அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியதைவிட எடுத்தபோதுதான் சன்னாசி கத்தினான். அந்த இடத்து வயிறு பலகை மாதிரி விறைத்துக்கொண்டது.

டிரெசர் நிமிர்ந்தார். முகத்தில் துளிக் குழப்பம் இல்லை. "கங்காணி, இது குடல்வால் வீக்கம். இங்க வச்சுப் பாக்குற நோவு இல்ல. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போயாவணும், இப்பவே. வயித்தக் கிழிச்சு அந்த வாலை எடுக்கணும்."

கிழிப்பதென்றதும் இருளாயி சன்னாசியின் வயிற்றைத் தன் முந்தானையால் மூடினாள். பழனியப்பனுக்கோ நம்பிக்கை வரவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. இவன் நடிகன்லா. இப்பத்தானே இவளே எல்லாம் பொய்யின்னு ஒத்துக்கிட்டா."

"அதனாலதான் நம்புறேன்" என்றார் நவமணி. "இவன் பொய் சொன்னப்பல்லாம் நான் பாத்திருக்கேன். காலையில எங்க வலிச்சதோ அங்கேயேதான் சாயங்காலமும் வலிக்கும். பொய் வலிக்கு எடம் மாறத் தெரியாது. நடுவுல தொடங்கி, பசியக் கொன்னுட்டு, வலது பக்கம் வந்து உக்காரணும்னு இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

பழனியப்பன் போத்தலை மூடி மறுபடி மடியில் செருகினார். லாரிக்குத்தான் வழியில்லை. துரை முந்தின நாளே பினாங்குக்குப் போயிருந்தார், தோட்டத்து லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டது. மாட்டு வண்டியில் போனால் போய்ச் சேர்வதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும், குலுக்கலும் ஆகாது. இருளாயி யாருடைய பேச்சுக்கும் காத்திருக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு தோட்டத்து வாசலுக்கு ஓடினாள்.

கௌஸ் கடைச் சாமான் வாங்க ஈப்போ போய்வர ஒரு பழைய சின்ன லாரி வைத்திருந்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றபோது அவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

"பாய், அவருக்கு முடியல. நேத்துலேருந்து சாப்பிடல."

"யாரு? நம்ம சன்னாசியா?" கௌஸின் கை மாவில் அப்படியே நின்றது. "நேத்து கறியுமா?"

"கறியுந்தான்."

"யா அல்லா" என்றான் கௌஸ். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் கிடந்த ரொட்டியைக் கருக விட்டுவிட்டு, மாவுக் கையோடு லாரியை முடுக்கக் கைப்பிடியைச் சுழற்றினான். டாக்டருக்குப் படிக்காதவன்தான். ஆனால் சன்னாசியின் பசியைப் பற்றி அவனைவிட அதிகம் படித்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை.

லாரியின் பின்பக்கம் கோணிச் சாக்குகளை அடுக்கி, சன்னாசியை முழங்கால் மடங்கியபடியே படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் இருளாயி, கால்மாட்டில் டிரெசர். "தண்ணி" என்று கேட்டான் சன்னாசி. அவள் கூஜாவை எடுக்கவும் டிரெசர் கையை நீட்டித் தடுத்தார். "உதட்ட மட்டும் நனைச்சு விடு. உள்ள எதுவும் போவக்கூடாது. மயக்கம் குடுத்து அறுக்கப் போறாங்க."

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. கௌஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் மாமியார் வீட்டுப் பாத்திரத்தை இறக்குகிறவன் மாதிரி லாரியை இறக்கி ஏற்றினான். ரப்பர் மரங்கள் முடிந்து, ஈயச் சுரங்கங்களின் வெள்ளை மணல்மேடுகள் தெரிய ஆரம்பித்தன. இருளாயி பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"வால்னா என்னங்கய்யா? மனுசனுக்கு ஏது வாலு?"

டிரெசர் தன் சுண்டுவிரலைக் காட்டினார். "இத்தனூண்டுதான். பெருங்குடல் தொடங்குற எடத்துல தொங்குது. அதோட வாய் அடைச்சுக்கிட்டா உள்ள வீங்கும், சீழ் வைக்கும். மொதல்ல குடலுக்கு மட்டுந்தான் தெரியும். ஆனா குடலுக்கு எடம் காட்டத் தெரியாது. நடு வயிறு, தொப்புளுன்னு பொதுவாச் சொல்லும். வயிறும் வேலைய நிறுத்திரும். அதான் பசி போயிருது, குமட்டுது."

"அப்புறம் ஏன் எறங்குது?"

"வீக்கம் பெருசாகி, வயித்துச் சுவரோட உள்தோலைத் தொட்டுரும். அந்தத் தோலுக்கு எடம் நல்லாத் தெரியும். இங்கதான்னு விரல் வச்சுக் காட்டும். எல்லாருக்கும் இதே மாதிரி வரும்னு இல்ல, இருளாயி. இப்படி வந்தா வேற நோவா இருக்கவே முடியாதுன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா சோறு பிடிக்காமப் போயி, வலியும் நடுவுலேருந்து வலது பக்கம் எறங்கிருச்சுன்னா, நான் காத்திருந்து பாக்குறவன் இல்ல. தப்பாப் போனா டாக்டர்கிட்ட நான் பேச்சு வாங்கிக்கிறேன்."

"அந்த எண்ணெயைக் குடிச்சிருந்தா?"

நவமணி சன்னாசியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "குடலைப் போட்டு முறுக்கும். வீங்கி நிக்கிற வாலு வெடிச்சிரலாம். வெடிச்சா சீழு வயிறு பூராப் பரவிரும். அதுலேருந்து பொழைக்கிறது ரொம்ப செரமம்." பிறகு தானாகவே சொன்னார்: "போத்தலைக் குடுத்தவன் நான்தான். வயித்துவலியப் பாக்காம எண்ணெயைக் குடுன்னு சொன்னது நான் செஞ்ச தப்பு. திரும்பிப் போனதும் வாங்கி ஒடைக்கிறேன்."

பெரட்டில் தன் கையால் அந்தக் கிளாஸை அவன் வாயருகே பிடித்திருந்தது இருளாயிக்கு நினைவு வந்தது. அவன் தலையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒன்னு கவனிச்சுக்க" என்றார் டிரெசர். "வலி திடீர்னு நின்னுட்டா சந்தோசப்படாத. உடனே எங்கிட்டச் சொல்லு. சில நேரம் அது வெடிச்சதுக்கு அடையாளமா இருக்கும்."

அதன் பிறகு அந்தப் பயணம் ஒரு விநோதமான பயணமாகிவிட்டது. நிமிஷத்துக்கொரு தடவை இருளாயி குனிந்து, "வலிக்குதா?" என்பாள். "வலிக்குது" என்று அவன் முனகுவான். "மாரியாத்தா, உனக்கு மாவிளக்குப் போடுறேன்" என்று அவள் கையெடுத்துக் கும்பிடுவாள். புருஷனுக்கு வலிக்க வேண்டுமென்று சாமியை வேண்டிய பெண் அந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கடைசியில் சன்னாசிக்கே பொறுக்கவில்லை. "அடியே, எனக்கு வலிக்கிறதுல உனக்கு என்னடி அத்தனை குசி?" என்றான். டிரெசரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஈப்போவை ஒட்டிய சிலிபின் தாண்டும்போது எங்கோ மீன் பொரிக்கிற வாசனை வந்தது. மற்ற நாளாக இருந்தால் சன்னாசி லாரியை நிறுத்தச் சொல்லியிருப்பான். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தை அவள் சேலைக்குள் புதைத்துக்கொண்டான். அப்போதுதான் இருளாயி முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் நவமணி சொன்னதைக் கேட்டார். தானும் அதே இடத்தில் அழுத்திப் பார்த்தார். இரண்டே கேள்விகள் கேட்டார். எப்போது முதல் பசியில்லை? வலி எங்கே தொடங்கியது? நவமணி மொழிபெயர்க்க, இருளாயி பதில் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, கத்திகளைக் கொதிக்க வைக்கச் சொன்னார்.

தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது சன்னாசி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பயமா இருக்கு புள்ள."

"பயப்படாத. உள்ள போயிப் படுத்துத் தூங்கிட்டு வா. உனக்குத்தான் தூங்கத் தெரியுமே" என்றாள். அவன் கண்ணுக்கு மறையும் வரை சிரித்த முகமாகவே நின்றாள். மறைந்ததும் சுவரோரம் குந்திவிட்டாள். கௌஸ் எங்கிருந்தோ ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான். அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. "தங்கச்சி, நீ சாப்பிடாதது வெறும் கவலை. இதுக்கெல்லாம் ஆபரேசன் கெடையாது, சாப்பிடு" என்றான் கௌஸ். அப்போதும் அவள் சாப்பிடவில்லை.

கதவு திறந்து நவமணி வெளியே வந்தபோது அவர் சட்டை முழுக்க வியர்வை. டாக்டர் அவரையும் உள்ளே நிற்க விட்டிருந்தார். "எடுத்தாச்சு" என்றார். "கட்டைவெரல் தண்டி வீங்கி, நுனி கறுத்துப் போயிருந்துச்சு. வெடிக்கல. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா வெடிச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

இருளாயி அவர் காலில் விழப் போனாள். அவர் விலகிக்கொண்டார். "என் கால்ல எதுக்கு விழுற? கறியைத் தொடலன்னு ஊரு முன்னால கத்துனியே, அதுதான் அவனை இங்க கொண்டாந்துச்சு."

ஆனால் அவளுக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை. சன்னாசி கண் விழித்தான், பேசினான். ஆனாலும் அவனுக்குப் பசிக்கவில்லை. முதலில் உதட்டில் ஈரம், பிறகு ஒரு மடக்குத் தண்ணீர் என்றுதான் கொடுத்தார்கள். குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கிற வரை அப்படித்தான் என்று நர்ஸம்மா சொன்னாள். காற்றுப் பிரிந்ததா என்று அவனிடம் தினமும் கேட்டாள். பிரிந்தது என்று அவன் வெட்கத்தோடு சொன்ன அன்று வார்டே கைதட்டாத குறைதான். அன்றைக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அவன் கடமைக்குக் குடித்தான். இருளாயி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் இந்த வயிற்றைத் திட்டித் தீர்த்தோமே, அது ரோஷப்பட்டு ஒரேயடியாகப் போய்விட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு காலை, அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவன் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தான். ரொம்ப நேரம் ஏதோ யோசனையில் இருந்தவன் மாதிரி மெதுவாகத் திரும்பினான்.

"இருளாயி."

"என்ன, வலிக்குதா?"

"இல்ல. அன்னிக்கி எலையில வச்சியே, தொடை எலும்பு. அதை என்ன பண்ண?"

அவள் கோதுவதை நிறுத்தினாள். "மாரியம்மா வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?" அவன் முகம் சின்னப் பிள்ளையுடையதைப் போலக் கோணிக்கொண்டது. "ஒரு துண்டாவது எடுத்து வச்சிருக்கக் கூடாதா? பசிக்குது புள்ள. பயங்கரமாப் பசிக்குது."

இருளாயி அவன் தோளில் பளாரென்று ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே அவன் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். என்னவோ ஏதோவென்று நர்ஸம்மா ஓடி வந்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"பசிக்குதாம்மா!" என்றாள் இருளாயி. "எம்புருசனுக்குப் பசிக்குதாம்!"